ஒரு காதில் மட்டும் ஏன் கேட்கிறது?

வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதையே நாற்பது ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த என்னிடம், இப்போது அக்கம்பக்கத்தார் வானொலி கொண்டு வருவதில்லை. கட்டைவிரல் நுனி அளவே உள்ள இயர்பட் என்னும் ஒலிக்கருவியை, அதன் சிறு பெட்டியோடு கொண்டு வருகிறார்கள். முறையீடும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு பக்கம் கேட்கிறது, மறுபக்கம் கேட்கவில்லை." மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, மருமகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர், அதைக் குப்பையில் போடுவதற்கு முன் கடைசி முயற்சியாகவே என் வாசலுக்கு வருகிறார்கள். அவற்றில் கணிசமானவை ஒரு திருகாணியைக் கூடக் கழற்றாமல் சரியாகி விடுகின்றன. கழற்றுவதற்கு அவற்றில் திருகாணியும் இல்லை என்பது வேறு செய்தி.

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒலி எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியுள்ள பழைய காதொலிக் கருவியில் இடப்பக்க ஒலிக்கு ஒரு கம்பி, வலப்பக்க ஒலிக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. எந்தக் கம்பி அறுந்ததோ அந்தப் பக்கம் ஊமையாகும், அவ்வளவே கணக்கு. கம்பியில்லாக் கருவியிலோ நிலைமை வேறு. கைப்பேசி புளூடூத் வழியாக அனுப்புவது, இடம் வலம் இரண்டும் சேர்ந்த ஒரே ஒலிக்கட்டு. இதுவரை பரவலாக இருந்து வரும் முறையில், கைப்பேசி தான் ஒரே ஒரு கருவியோடு பேசுவதாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டு இயர்பட்களில் ஒன்று தலைமை ஏற்று அந்தக் கட்டை வாங்கிக்கொள்கிறது. மற்றது, தலைமையிடமிருந்து தன் பங்கைப் பெறுகிறது. அல்லது தலைமையும் கைப்பேசியும் பேசிக்கொள்வதை, அவற்றின் இரகசியச் சாவியைத் தெரிந்துகொண்டு பக்கத்திலிருந்து ஒட்டுக் கேட்கிறது. இரு செவிக்கும் தனித்தனி ஓடையாக ஒலியை அனுப்பும் புதிய முறை 2020-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அது கைப்பேசியிலும் இயர்பட்டிலும் ஒருங்கே இருந்தால்தான் பயன்படும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இங்கே உள்ள உறவு ஒன்றல்ல, இரண்டு. கைப்பேசிக்கும் இயர்பட்டுக்கும் உள்ள இணைப்பு ஒன்று. இடதுக்கும் வலதுக்கும் தமக்குள் உள்ள இணைப்பு மற்றொன்று. மக்கள் முதலாவதையே அறிவார்கள். ஒரு பக்கம் ஊமையாகும்போது, கைப்பேசியில் புளூடூத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பதும் அதனால்தான். அறுந்து போனது பெரும்பாலும் இரண்டாவது உறவு. அதை எத்தனை முறை கைப்பேசியைத் தட்டினாலும் ஒட்டவைக்க முடியாது.

இதை என் மூத்த அண்ணனுக்கு நேர்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குவதே எளிது. அண்ணன் இரயில்வேயில் டீசல் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் முப்பது ஆண்டுகள் கழித்த காது என்றைக்காவது தன்னைக் கைவிடும் என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. இரவில் உறக்கம் வராதபோது, அண்ணியார் விழித்துக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, இயர்பட்டை மாட்டிக்கொண்டு பழைய பாட்டுகளைக் கேட்பது அவர் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள் இடப்பக்கம் கேட்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழிந்தது. வலப்பக்கமும் மங்கத் தொடங்கியது. அப்போதுதான் அண்ணியார் என்னை அழைத்துச் சொன்னார்: "தம்பி, உங்கள் அண்ணன் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். காது போய்விட்டது என்கிறார். டாக்டரிடம் வரவும் மறுக்கிறார்."

நான் போனபோது அண்ணன் திண்ணையில் இருந்தார். "வாடா தம்பி" என்றவர், வேறு எதுவும் பேசவில்லை. அவரிடம் நான் முதலில் செய்யச் சொன்னது ஒன்றுதான்: கருவிகளை இடம் மாற்றிப் போட்டுக்கொள்வது. வலப்பக்கத்துக்கு உரியதை இடக் காதில் வைத்துப் பிடிக்க வேண்டும். வடிவம் ஒத்து வராது. விரலால் பிடித்துக்கொண்டால் போதும். வலது பட் இடக் காதில் எப்படிக் கேட்டது? வலக் காதில் கேட்ட அதே மங்கலான அளவில் கேட்டது. இடது பட் வலக் காதில்? ஒன்றுமில்லை. ஆக இரு காதுகளும் ஒரே அளவுக்குக் கேட்கின்றன. ஊமையாக இருப்பது கருவி. அண்ணன் அதைத் தாமாகவே இரண்டு முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். பிறகு, "உன் அண்ணியைக் காப்பி போடச் சொல்" என்றார்.

இந்தச் சோதனையை எவரும் முதலில் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இதன் விடை எதிர்மாறாகவும் வரலாம். எந்தக் கருவியை வைத்தாலும் ஒரே காதில் மட்டும் கேட்கவில்லையென்றால், பழுது கருவியிலில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். அது எளிய செய்தி. ஆனால் ஓரிரு நாளுக்குள் திடீரென ஒரு காது மந்தமாவது நரம்பைச் சார்ந்த நோயாகவும் இருக்கக்கூடும். அதற்கு உடனே மருந்து தொடங்கினால் பயன் மிகுதி. வாரக் கணக்கில் தள்ளிப்போட்டால் செவியை மீட்பது அரிது. எனவே அப்படிப்பட்டவர் என்னைப் போன்றவனிடம் வரக்கூடாது. அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இனி, இடம் மாற்றும் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது காதை விடுவிக்கும், கைப்பேசியை விடுவிக்காது. ஏனெனில் இடது பட் எந்தக் காதில் இருந்தாலும் இடப்பக்க ஒலியைத்தான் தரும். கைப்பேசியே இடப்பக்கத்தை அனுப்பாமல் நிறுத்தியிருந்தால், நல்ல கருவியும் ஊமையாகவே தோன்றும். ஆகவே இரண்டாவது சோதனை, வேறொரு கைப்பேசியோடு இணைத்துப் பார்ப்பது. அண்ணனுடைய கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு, என்னுடையதோடு இணைத்தேன். இடது அப்போதும் ஊமைதான். ஆனால் வலது, அண்ணனே திடுக்கிட்டுக் காதிலிருந்து பிடுங்கும் அளவுக்கு உரக்க ஒலித்தது! இடப்பக்கப் பழுது கருவியில், வலப்பக்கப் பழுது கைப்பேசியில் என்பது அந்த ஒரே நொடியில் புலனாகிவிட்டது. இரண்டும் வெவ்வேறு நோய்; ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் படுத்திருந்தன.

கைப்பேசியின் நோயை முதலில் பார்ப்போம். அமைப்புகளில் Accessibility என்னும் பகுதிக்குள், கேட்பது தொடர்பான பிரிவில், இடமும் வலமும் எழுதிய ஒரு கோடும் அதன்மேல் நகரும் ஒரு புள்ளியும் இருக்கும். பல கைப்பேசிகளில் இதற்கு Audio balance என்றும், ஐபோனில் Balance என்றும் பெயர். புள்ளி நடுவில் இருந்தால் இரு பக்கமும் சமம். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் குறையும். கோடி வரை தள்ளினால் மறுபக்கம் அடியோடு நின்றுவிடும். ஒரு காது மந்தமானவர்களுக்கென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு இது. அண்ணனின் கைப்பேசியில் புள்ளி ஏறக்குறைய இடக்கோடி வரை போயிருந்தது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. தாத்தாவுக்கு இடப்பக்கம் கேட்கவில்லை என்பதை எப்படியோ அறிந்துகொண்ட பேரன், இடப்பக்கத்தைக் கூட்டுவதாக எண்ணி அதை நகர்த்தியிருக்கிறான். அந்தப் புள்ளி எந்தப் பக்கத்தையும் கூட்டுவதில்லை; மறுபக்கத்தைக் குறைப்பதே அதன் வேலை. ஊமையான இடது ஊமையாகவே இருக்க, நன்றாயிருந்த வலதும் மங்கிப்போயிற்று. இரண்டாவது காதும் போயிற்று என்று அண்ணன் இடிந்துபோனது அதனால்தான். பிள்ளையைக் கடிந்துகொள்ள ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எதையாவது செய்து பார்த்தவன் அவன் ஒருவனே.

இங்கே ஒரு சிறு விளக்கம் சொல்லியாக வேண்டும். சில வகைகளில், துணை இல்லாமல் தனியே இயங்கும் பட் இருபக்க ஒலியையும் கலந்து தந்துவிடும். அவ்வகையில் வலது இவ்வளவு மங்கியிருக்காது. அண்ணனுடையது மலிவான வகை; தன் பக்கத்து ஒலியை மட்டுமே தந்தது. புள்ளியை நடுவுக்குக் கொண்டு வந்ததும் வலது பழைய நிலைக்குத் திரும்பியது. அதே பக்கத்தில் Mono audio என்றொரு விசையும் உண்டு. அதைப் போட்டால் இடம் வலம் இரண்டும் கலந்து இரு பக்கமும் ஒன்றே கேட்கும். ஒரே பாட்டில் மட்டும் ஒரு பக்கம் கேட்காமல், அந்த விசையைப் போட்டதும் இரு பக்கமும் கேட்டால், குறை அந்தப் பாட்டின் ஒலிப்பதிவில், கருவியிலன்று. பழைய பாட்டுகளை ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றியிருக்கும் பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன்.

இனி ஊமையான இடதுக்கு வருவோம். அண்ணன் பெட்டியைத் திறந்து இரண்டையும் அதற்குரிய குழிகளில் வைத்தேன். வலதில் சிவப்பு விளக்கு எரிந்தது, இடதில் எரியவில்லை. குழியின் அடியில் ஊசிமுனை போன்ற இரண்டு சிறு முனைகள் சுருள்வில்லின்மேல் நிற்கும். பட்டின் அடியில் அவற்றுக்கு நேராக இரண்டு பொன்முலாம் பூசிய பொட்டுகள். அவை இரண்டும் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். சார்ஜ் மட்டுமல்ல, தான் பெட்டிக்குள் வந்துவிட்டோம் என்பதைப் பட் அறிவதும் இந்தத் தொடுகையால்தான். தொடுகை இல்லையென்றால் பட் உறங்கப் போகாது. வெளியே இருப்பதாக எண்ணிக்கொண்டு விழித்திருந்து, எஞ்சிய சார்ஜையும் இரவோடு இரவாக இழக்கும். காலையில் எடுத்தால் பிணம். இதைப் பலரும் பேட்டரி போய்விட்டதாகவே எண்ணுகிறார்கள்.

அண்ணன் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பவர். எண்ணெயும் காதழுக்கும் தூசியும் சேர்ந்து இடது பட்டின் பொட்டுகளின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படிந்திருந்தது. கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொன் பளபளக்காமல் மங்கித் தெரியும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன், போகவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சின் நுனியை மட்டும் நனைத்து, பிழிந்து, பொட்டுகளையும் குழியின் முனைகளையும் துடைத்து, சில நிமிடம் உலரவிட்டேன். தண்ணீர் கூடாது. ஊசி, பிளேடு, மணல்தாள் எதுவும் கூடாது. பொன்முலாம் போய்விட்டால் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். முனைகள் அமுங்கிக் கிடந்தால் மரக் குச்சியால் மெல்ல அழுத்தி விட வேண்டும்; வில் சரியாயிருந்தால் எழுந்து நிற்கும். மறுபடி வைத்தவுடன் இடதிலும் சிவப்பு எரிந்தது. அதை அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

சாப்பிட்டு வந்து எடுத்தபோது இடது உயிர் பெற்றிருந்தது; ஆனால் பாடவில்லை. கைப்பேசியின் புளூடூத் பட்டியலைப் பார்த்தால், ஒரே பெயர் இரண்டு முறை: ஒன்றின் வாலில் L, மற்றதின் வாலில் R. இதைக் கண்டால் வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை. இரட்டையர் ஒருவரையொருவர் மறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனிக் கருவியாகத் தன்னைக் கைப்பேசிக்கு அறிமுகம் செய்துகொள்கிறார்கள். எப்படி மறந்தன? அரைகுறைச் சார்ஜில் இடது சிறிது நேரம் விழித்திருந்த நாள்களில், பேரன் அதை மட்டும் நெடுநேரம் அழுத்திப் பிடித்துப் பார்த்திருக்கிறான். அது அந்த ஒன்றின் நினைவை மட்டும் துடைத்துவிட்டது. ஒன்று மறந்து மற்றது நினைவில் வைத்திருந்தால் உறவு ஒட்டாது. இரண்டும் சேர்ந்தே மறக்க வேண்டும், சேர்ந்தே புதிதாக அறிமுகமாக வேண்டும்.

அதற்கு நான் கைக்கொண்ட வரிசை இது. இந்த வரிசை மாறினால் காரியம் கெடும். முதலில், அண்ணனின் கைப்பேசியில் அந்த இரு பெயர்களையும் Forget கொடுத்து நீக்கினேன். என் கைப்பேசியிலும் நீக்கினேன். பிறகு இரு கைப்பேசிகளிலும் புளூடூத்தை அணைத்தேன். இதைச் செய்யாவிட்டால், பட்கள் கண்விழித்த கணமே துணையைத் தேடுவதற்கு முன் பழகிய கைப்பேசியோடு ஓடி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் வேறு யாருடைய கைப்பேசியோடாவது முன்பு இணைத்திருந்தால் அதையும் அணைப்பது நல்லது. அடுத்து, இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் தொடுபரப்பையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தேன். எத்தனை வினாடி என்பது வகைக்கு வகை மாறும். பெட்டியோடு வந்த சிறு தாளில் அது இருக்கும். அண்ணியார் அதை மளிகைச் சீட்டுகளோடு பத்திரமாக வைத்திருந்தார். விளக்குகள் சிவப்பும் நீலமுமாகச் சில முறை மின்னி அணைந்தன, நினைவு துடைக்கப்பட்டது. இரண்டையும் பெட்டியில் வைத்து, மூடி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் ஒன்றாக எடுத்தேன். முதலில் இரண்டும் மின்னின. சிறிது நேரத்தில் இடது அமைதியாகிவிட, வலது மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. இரண்டும் தமக்குள் சேர்ந்துவிட்டன, வலது தலைமை ஏற்றுக் கைப்பேசியை எதிர்நோக்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகே கைப்பேசியில் புளூடூத்தைப் போட்டேன். பட்டியலில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

இரண்டும் தொடர்ந்து மின்னிக்கொண்டே இருந்தால் சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் அவசரப்பட்டுக் கைப்பேசியில் பெயரைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடியும் பிரிந்தே இணையும். திரும்பப் பெட்டியில் வைத்துத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

பெட்டியிலேயே பொத்தான் உள்ள வகைகளில் இவ்வேலை எளிது. எடுத்துக்காட்டாக, ஏர்பாட்ஸ் என்னும் கருவியின் பின்புறப் பொத்தான் உள்ள வகைகளில், இரண்டையும் உள்ளே வைத்து மூடி அரை நிமிடம் காத்திருந்து, மூடியைத் திறந்து, கைப்பேசியில் Forget This Device கொடுத்துவிட்டு, பொத்தானை ஏறத்தாழ 15 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மஞ்சளாக மின்னிப் பிறகு வெண்மையாக மின்னும். அங்கே இரண்டையும் பெட்டியே ஒரே கணத்தில் மறக்கச் செய்வதால், ஒன்றை விட்டு ஒன்றைத் துடைத்துவிடும் ஆபத்தில்லை. பொத்தான் இருந்தாலும் முனைகள் அழுக்காயிருந்தால் பெட்டியின் கட்டளை அந்தப் பட்டுக்குப் போய்ச் சேராது. ஆகவே எந்த வகையானாலும் துடைப்பது முதல், ரீசெட் பிறகு.

அண்ணனுக்கு இப்போது இரு பக்கமும் கேட்டது. ஆயினும் இடது சற்றுத் தாழ்ந்திருந்தது. முழு ஊமைக்கும் தாழ்ந்த ஒலிக்கும் காரணம் ஒன்றல்ல. தாழ்ந்து, கம்மலாய்க் கேட்டால் பெரும்பாலும் ஒலி வெளிவரும் வாயிலிலுள்ள வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். ரப்பர் முனையைக் கழற்றி, வலையைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, மென்மையான உலர்ந்த பல்துலக்கியால் தேய்த்தேன். கவிழ்த்துப் பிடிக்காவிட்டால் அழுக்கு உள்ளேயே விழும். ஊசியால் குத்தினால் வலை கிழிந்து, அதன் பின்னாலுள்ள மெல்லிய சவ்வும் கிழியும். அதற்குப் பிறகு மருந்தில்லை. இரண்டு மூன்று முறை தேய்த்ததும் இரு பக்கமும் ஒன்றாயின.

இத்தனையும் செய்து பலிக்காதவையும் உண்டு. அவற்றை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். துடைத்த பிறகும் பெட்டியில் விளக்கு எரியாதது, விளக்கு எரிந்தும் எடுத்த பத்து நிமிடத்தில் அணைவது, வேர்வையோ மழையோ புகுந்து ஒரு பக்கம் கரகரப்பது ஆகியவை அவ்வகை. அணைந்து போவது பேட்டரியின் முதுமை. கைப்பேசியின் பேட்டரியில் நூறில் ஒரு பங்கு கொள்ளளவே உள்ள இந்தச் சிறு பொட்டு, நாள்தோறும் பயன்பட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தலைமை ஏற்றுப் பேசும் பட் மற்றதைவிட முந்தித் தளர்வதும் உண்டு. ஒட்டி மூடிய கூடாதலால் மாற்றுவது எளிதன்று. சில பெரிய நிறுவனங்கள் ஒற்றைப் பட்டைத் தனியே விற்கின்றன. அதே வகையாக இருக்க வேண்டும். வாங்கிய பிறகு மேலே சொன்னபடி இரண்டையும் ஒன்றாக மறக்கச் செய்து சேர்க்கவும் வேண்டும். மலிவான வகைகளில் ஒற்றை கிடைப்பதில்லை. புது ஜோடியின் விலை பெரும்பாலும் பழுதுக் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும்.

அண்ணன் இப்போது இரவில் பெட்டியை மூடுவதற்கு முன் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறார். எண்ணெய் தேய்த்த நாளில் துணியால் ஒருமுறை துடைத்தும் வைக்கிறார். சென்ற மாதம் அண்ணியாருடைய கருவியின் வலப்பக்கம் நின்றபோது எனக்குச் சொல்லவில்லை. தாமே சரிசெய்துவிட்டு, பிறகு தொலைபேசியில் எந்த வரிசையில் செய்தார் என்பதை எனக்கு ஒப்பித்தார்.